குடியை விட்டு ஒரு வருஷம்: மூன்று நிமிட நன்றியுரை

குடிநோயிலிருந்து மீள்பவர்கள், ஒரு சொட்டும் தொடாமல் முழு வருஷத்தை முடித்த நாளைத் தங்கள் பிறந்தநாளாகவே கொண்டாடுகிறார்கள். ஏ.ஏ. என்று எல்லாரும் சொல்லும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் இது வெகுநாள் வழக்கம். அன்றைக்கு நடப்பது திறந்த கூட்டமாக இருந்தால் வீட்டாரும் நண்பர்களும் வரலாம். கையில் ஒரு பதக்கத்தைக் கொடுத்து, "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது வருஷம் லேத் ஓட்டியவராக இருப்பார், ஆவடியில் தொழிற்சாலை வேலையில் இருப்பவராக இருப்பார், பூந்தமல்லியில் லோடு வண்டி ஓட்டுபவராக இருப்பார். மேடையில் பேசிப் பழக்கமே இருக்காது. "எல்லாருக்கும் நன்றி, எல்லாம் கடவுள் செயல்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

அந்த மூன்று நிமிடத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்று. இந்தப் பேச்சில் ஆளுக்கு நன்றி சொன்னால் போதாது, அந்த ஆள் செய்த காரியத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த ஒரு வருஷம் நின்றதே அப்படிப்பட்ட சின்னச் சின்னக் காரியங்களின் மேல்தான்.

முதலில், ஏன் ஒரு வருஷம்? ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் சுத்தமாக இருந்துவிட்டு, மாலையைக் கழற்றிய வாரமே கடைக்குப் போனவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஒரு மண்டலம் நிறுத்த முடிகிறது என்றால் அது குடிநோய் இல்லை என்று பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்வதும் இதனால்தான். மருத்துவர்கள் கணக்கு வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்டு உலகம் முழுக்கப் பயன்படும் நோய்ப் பட்டியலின்படி, நோயின் அறிகுறிகள் இல்லாமல் மூன்று மாதம் கடந்தால் அது மீட்சியின் தொடக்க நிலை. பன்னிரண்டு மாதம் கடந்தால்தான் நீடித்த மீட்சி. இதில் ஒரு விலக்கும் உண்டு. குடிக்க வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் அப்போதும் இருக்கலாம், அது இருப்பதால் மீட்சி இல்லை என்று ஆகிவிடாது என்கிறார்கள். இந்த விலக்கைப் பேசப் போகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். "இப்ப எனக்கு அந்த நெனப்பே வர்றதில்ல" என்று மேடையில் பொய் சொல்ல அவசியம் இல்லை.

இன்னொரு காரணம் நம் நாட்காட்டியிலேயே இருக்கிறது. ஒரு வருஷத்துக்குள் பொங்கல் வந்து போகும், ஆடித் திருவிழா வரும், பட்டறையில் ஆயுத பூஜை வரும், தீபாவளி போனஸ் கையில் விழும், டிசம்பர் 31 இரவு வரும். நடுவில் ஒரு கல்யாணமும் ஒரு சாவும் நிச்சயம் வரும். குடித்தே பழகிய ஒருவர் இத்தனையையும் குடிக்காமல் ஒரு தடவையாவது கடந்திருக்கிறார் என்பதுதான் அந்த ஒரு வருஷத்தின் பொருள்.

இனி ஒரு மாதிரிப் பேச்சு. இவர் உண்மையான ஒரு நபர் அல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, திருமுல்லைவாயலில் வீடு, மனைவி, பத்தாவது படிக்கும் மகள், வயதான அம்மா என்று வைத்துக்கொள்வோம்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு குடிநோயாளி. போன வருஷம் ஆடி மாசம் கடைசியா குடிச்சேன். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் தொடல. நாளைக்கு என்னன்னு நான் சொல்லப் போறதில்ல. இன்னிக்கு குடிக்க மாட்டேன்.

முதல்ல என் மச்சானுக்கு நன்றி. நானா வீட்லயே நிறுத்துறேன்னு படுத்துக்கிட்டேன். ரெண்டாவது நாள் ராத்திரி கை கால் உதற ஆரம்பிச்சிச்சு, செவுத்துல இல்லாததெல்லாம் தெரிஞ்சிச்சு. எல்லாரும் 'தூங்கினா சரியாப் போயிடும்'னாங்க. மச்சான் மட்டும் கேக்கல. ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போனாரு. அன்னிக்கு அவர் போகலன்னா இன்னிக்கு நான் இங்க நிக்கல.

அடுத்தது என் வீட்டம்மா. டாக்டர் சொன்ன மாத்திரைய தெனம் காலைல தண்ணியோட கொண்டு வந்து குடுத்தாங்க. குடுத்துட்டு ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. சம்பளம் வந்த அன்னிக்கு கூட கேக்கல. அவங்க கேக்காம இருந்ததுதான் எனக்கு பெரிய உதவி.

பட்டறைல என் கூட வேல பாக்குற அண்ணன் ஒருத்தர். சனிக்கிழமை சம்பளம் வாங்கினதும், 'வா, ஸ்டேஷன் வரைக்கும் பேசிக்கிட்டே நடக்கலாம்'னு கூட்டிட்டுப் போவாரு. கடை இருக்குற ரோடு பக்கம் திரும்ப மாட்டாரு. ஏன்னு அவரும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல.

இன்னொருத்தன் என் கூட குடிச்சவன். இன்னும் குடிக்கிறான். எங்க பெரியப்பா செத்தன்னிக்கு மேளம் அடிச்சு ஆடும்போது ஒருத்தர் என் கைல கிளாஸ குடுத்தாரு. இவன் வந்து அத வாங்கிட்டு, 'நீ வீட்டுக்குப் போடா'ன்னான். அவனுக்கும் நன்றி.

ராத்திரி எத்தன மணிக்கு போன் பண்ணாலும் எடுத்த என் ஸ்பான்சருக்கு நன்றி. அம்மா, நீ எனக்காக எவ்வளவு வேண்டிக்கிட்டன்னு தெரியும்மா. பாப்பா, உன்கிட்ட நான் பேச வேண்டியத வீட்ல பேசுறேன்.

அவ்வளவுதான். நன்றி."

பேச்சு இங்கே முடிகிறது. இதில் ஒவ்வொரு நன்றிக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது.

மச்சானை முதலில் வைத்தது உறவு முறைக்காக அல்ல. பல வருஷம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தும்போது உடல் அதைத் தாங்காது. மதுவின் அமுக்கத்துக்குப் பழகிப் போன மூளை, அது திடீரென்று விலகியதும் கட்டுக்கு மீறிப் படபடக்கிறது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கும். நேரம், இடம் தெரியாது, பூச்சி ஊர்வது போலவும் ஆட்கள் நிற்பது போலவும் தோன்றும், காய்ச்சல் ஏறும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகக்கூடிய கட்டம் இது. "பேய் பிடித்துவிட்டது" என்று மந்திரிக்கப் போவதும், "குடிக்காததால்தான் இப்படி" என்று ஒரு கட்டிங் வாங்கிக் கொடுப்பதும் இந்தக் கட்டத்தில்தான். மருத்துவமனையில் நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், தயமின் எனும் வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். பல வருஷக் குடியில் அந்த வைட்டமின் வற்றிப்போய் நினைவாற்றலே நிரந்தரமாகக் கெட்டுப்போகும் ஆபத்து இருப்பதால்தான் இந்த ஊசி.

மச்சான் செய்ததை அவர் கூட்டத்தில் விவரமாகச் சொல்வதால் இன்னொரு பயனும் உண்டு. பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரின் தம்பி நாளைக்குக் குடியை நிறுத்தப் போகிறார். வீட்டிலேயே படுக்க வைக்கக் கூடாது என்பது அந்த அண்ணனுக்கு இங்கே தெரிகிறது.

மனைவிக்குச் சொன்ன நன்றி இன்னும் நுட்பமானது. அந்த மாத்திரை பெரும்பாலும் டைசல்ஃபிராம். மது உடலில் உடையும்போது நடுவில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகும். அதை உடனே வெளியேற்றும் நொதியை இந்த மாத்திரை தடுத்துவிடும். ஆகவே மாத்திரை போட்டவர் குடித்தால் சில நிமிடங்களில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலை பிளந்து, வாந்தி வரும். ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கவும் கூடும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரைக்கும் இந்த ஆபத்து நீடிக்கலாம். எனவே ஈரலையும் இதயத்தையும் சோதித்த பிறகுதான் மருத்துவர் இதைத் தருவார், குடிப்பவர் அறிந்து சம்மதித்துச் சாப்பிட வேண்டும். புருஷனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் பொடிகள் என்று விற்கிறார்களே, அது மிகவும் ஆபத்தானது. பொடியில் இந்த மருந்து இருந்து, அது தெரியாமல் அவர் வழக்கம்போலக் குடித்துவிட்டால் உயிருக்கே கேடு.

மாத்திரையின் பலமே யார் முன்னால் சாப்பிடுகிறார் என்பதில்தான் இருக்கிறது. தானாகப் போட்டுக்கொள்ளச் சொன்னால் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார், அல்லது மறந்ததுபோல இருந்துவிடுவார். இன்னொருவர் பார்க்கச் சாப்பிடும்போது பலன் கூடுகிறது. ஆனால் அந்த இன்னொருவர் மனைவியாக இருந்தால் வீட்டில் அவர் போலீஸ்காரர் ஆகிவிடும் அபாயமும் வருகிறது. தம்பதியருக்கான சிகிச்சை முறை ஒன்றில் இதற்கு ஒரு சிறு ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள். தினமும் ஒரே நேரத்தில் கணவன், "இன்னிக்கு குடிக்க மாட்டேன், உன் உதவிக்கு நன்றி" என்கிறார். மனைவி, "நேத்து குடிக்காம இருந்ததுக்கு நன்றி" என்கிறார். மாத்திரை உண்டானால் அப்போதே அவள் பார்க்கச் சாப்பிடுகிறார். அதற்குமேல் இருவரும் ஒரு விதியைக் காக்க வேண்டும். பழைய குடியையோ நாளைய பயத்தையோ எடுத்துச் சண்டை போடக் கூடாது. பேச வேண்டியதை ஆலோசகர் முன்னால் பேசிக்கொள்ளலாம். நம் மாதிரிப் பேச்சில் "அவங்க கேக்காம இருந்தது" என்ற வரி இதைத்தான் சொல்கிறது. சம்பளத் தேதியில் வாய்வரை வந்த கேள்வியை விழுங்கியது எவ்வளவு பெரிய வேலை என்று கணவனுக்குத் தெரிந்திருக்கிறது என்பதை அந்த அம்மாள் முதல் தடவையாக எல்லார் முன்னாலும் கேட்கிறார். "எனக்குப் பக்கபலமா இருந்தா" என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் இது அவருக்குக் கிடைத்திருக்காது.

குடிநோய் ஒருவருக்கு வந்தாலும் சிகிச்சை வீட்டுக்கே வேண்டும் என்பதைச் சென்னை அறிந்து நாற்பது வருஷத்துக்கும் மேலாகிறது. குடியால் 1979இல் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், அடுத்த வருஷமே அவர் பெயரில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை என்று எல்லாரும் சொல்லும் இடம் அதுதான். அங்கே நோயாளிக்கு மட்டுமல்லாமல் கூட வரும் குடும்பத்தாருக்கும் தனி வகுப்பும் ஆலோசனையும் உண்டு. குடிப்பவர்களின் வீட்டாருக்கென்றே அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951இல் அமெரிக்காவில் தொடங்கியதும் இந்தக் காரணத்தால்தான். மனைவியும் மகளும் அந்த வருஷத்தைக் கடந்திருக்கிறார்கள், தங்கள் பங்குக்குத் தனியாக.

நன்றியை மன்னிப்போடு குழப்பக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதும் இதனால்தான். மேடையில் உணர்ச்சி மேலிட்டு, "நான் இவளை எவ்வளவு அடிச்சிருக்கேன் தெரியுமா, மன்னிச்சிடு" என்று அழுபவர்கள் உண்டு. கூட்டம் உருகிக் கை தட்டும். ஆனால் அந்தக் கதை பாதி அவளுடையது. அதை அக்கம்பக்கத்தார் முன்னால் சொல்லலாமா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. இத்தனை பேர் பார்க்கும்போது மன்னிக்க மாட்டேன் என்று சொல்லவும் அவளால் முடியாது. ஏ.ஏ.யின் பன்னிரண்டு படிகளில் எட்டாவது படி, தான் துன்புறுத்தியவர்களின் பட்டியலைப் போடுவது. ஒன்பதாவது, அவர்களுக்கு நேரடியாக ஈடு செய்வது, ஆனால் அப்படிச் செய்வது அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ தீங்காகும் இடத்தைத் தவிர. ஈடு என்பது அடகுக் கடையிலிருக்கும் நகையை மீட்டுக் கொடுப்பது, கடன் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கு மாதா மாதம் திருப்புவது. மைக் முன்னால் அதைச் செய்ய முடியாது. மகளைப் பற்றி ஒரே வரியோடு நிறுத்தியதும் இதே காரணத்தால். அப்பா குடித்துவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் நின்ற கதையைப் பத்தாவது படிக்கும் பெண் தன் காதால் திரும்பக் கேட்க வேண்டாம். பேச்சை எழுதியதும், அதில் வருகிறவர்களிடம் முதல் நாளே காட்டி, "இத சொல்லலாமா?" என்று கேட்டுவிடுவது நல்லது. வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும், ஏன் என்று கேட்காமல்.

நண்பர்களில் இரண்டு வகை. ஸ்டேஷன் வரை நடந்த அண்ணன் செய்தது, வேலை முடிகிற நேரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அடைத்தது. டாஸ்மாக் கடை பகல் பன்னிரண்டிலிருந்து இரவு பத்து வரை திறந்திருக்கும் ஊரில், பகல் ஷிப்ட் முடிந்து சம்பளத்தோடு வெளியே வரும் அந்த அரை மணி நேரம்தான் மிக ஆபத்தானது. பாதை, நேரம், கையில் காசு மூன்றும் சேர்ந்தாலே மூளைக்குப் பழைய நினைப்பு வந்துவிடும். பாதையை மாற்றினால் மூன்றில் ஒன்று உடைகிறது. இரண்டாவது நண்பன் இன்னும் குடிப்பவன். அவனுக்கு மேடையில் நன்றி சொல்லலாமா என்று தயங்குபவர்கள் உண்டு. சொல்லலாம் என்பதே என் எண்ணம், பெயரையும் அடையாளத்தையும் மட்டும் விட்டுவிட வேண்டும். நீட்டிய கிளாஸை மறுப்பது குடிக்காதவருக்குச் சுலபம். உறவுக்காரர் சாவு வீட்டில் ஊற்றிக் கொடுக்கும்போது மறுப்பது குடிநோயாளிக்கு மிகக் கடினம். ஏக்கம் தானாக வந்து மறுபடி விழுபவர்களைவிட, வருத்தத்திலும் சண்டையிலும் நாலு பேர் வற்புறுத்தலிலும் விழுபவர்கள் அதிகம் என்பது இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் நன்றாக அறிந்தது. சாவு வீட்டில் இந்த மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கலாம்.

பேச்சில் யாருடைய பெயரும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஏ.ஏ. வழக்கத்தில் முதல் பெயர் போதும், கூட்டத்தில் பார்த்தவரைப் பற்றி வெளியே பேசக் கூடாது. வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட ஆசைப்படும் தம்பிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஏ.ஏ.யில் புதியவருக்கு வழிகாட்டும் ஸ்பான்சரும் ஒரு குடிநோயாளிதான், அவருக்கும் வேலையும் வீடும் இருக்கின்றன. வீட்டிலோ கல்யாண மண்டபத்திலோ இந்த நாளைக் கொண்டாடினால், ஏ.ஏ. கூட்டத்தில் கேட்ட எதையும் அங்கே சொல்லாமல் தன் கதையை மட்டும் சொல்ல வேண்டும்.

"இனி என் வாழ்க்கையில குடிக்கவே மாட்டேன்" என்ற சபதமும் பேச்சில் இல்லை. இதைக் கேட்கத்தான் அம்மாவுக்கு ஆசையாக இருக்கும். ஆனால் அம்மா தலையில் அடித்துச் செய்த சத்தியங்களை அந்த வீடு ஏற்கெனவே பலமுறை பார்த்திருக்கிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஏ.ஏ. தொடங்கியதிலிருந்து அவர்கள் ஒரு நாளையே அளவாக வைத்திருக்கிறார்கள். இன்றைய இருபத்துநாலு மணி நேரம் மட்டும். கையில் கொடுக்கும் பதக்கத்துக்கும் இதே ஊரில் ஒரு முன்கதை உண்டு. அங்கே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் குடிநோயாளிகளைக் கவனித்த சிஸ்டர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரி, வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு சிறு சின்னத்தைக் கொடுப்பார். மறுபடி குடிக்க முடிவு செய்தால் முதல் கிளாஸுக்கு முன்னால் இதைக் கொண்டுவந்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பார். குடிப்பதற்கு முன் ஒருவர் முகத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம், அவ்வளவுதான் அதில் இருந்தது.

ஒரு வருஷம் முடிந்த அன்றே விழுபவர்கள் உண்டு என்பதையும் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். கொண்டாட்டம் முடிந்து, கூட்டம் கலைந்து, "நீதான் ஜெயிச்சிட்டியே, இனி ஒரு பீர் என்ன செய்யும்?" என்று யாரோ ஒருவர் கேட்கும் நேரம் அது. இத்தனை நாள் ஆகிவிட்டதால் இனி அளவோடு குடிக்கலாம் என்று நம்பி முதல் கிளாஸை எடுத்த குடிநோயாளிகள், பெரும்பாலும் சில வாரங்களில் பழைய அளவுக்கே போய்விடுகிறார்கள். அதனால் பேச்சு முடிந்த அன்று இரவு எங்கே சாப்பாடு, யாரோடு, வீட்டுக்கு எப்படித் திரும்புவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். மறுநாள் காலையில் மாத்திரையோ கூட்டமோ, வழக்கமானது எதுவோ அது நிற்கக் கூடாது. மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், வருஷ முடிவு அதைச் சொல்லாது.

அப்படியே விழுந்துவிட்டால், அன்றே ஸ்பான்சருக்கோ மருத்துவருக்கோ சொல்ல வேண்டும். நாட்கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். அந்த ஒரு வருஷத்தில் மீண்ட ஈரலும் அடைத்த கடனும் மகள் மறுபடி பேசத் தொடங்கியதும் எங்கேயும் போகாது. ஆனால் மறுபடி தினமும் குடிக்கத் தொடங்கியிருந்தால், நிறுத்தும்போது முதல் நான்கு நாள் ஆபத்து மீண்டும் அப்படியே வரும். அப்போதும் வீட்டில் படுக்க வைக்காமல் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநல மருத்துவமனையில் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. குடிப்பவர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, மனைவியோ மச்சானோ கூப்பிட்டும் கேட்கலாம்.